கடைசி ஸ்லைட்டின் வியாழக்கிழமை

செயலமர்வின் கடைசி நாற்பத்தைந்து நிமிடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பயிற்சி கொடுக்க வரும் மற்ற வளவாளர்கள் காலையில் இழுத்தடித்துவிட்டு, பின்னேரம் மூன்றரைக்கு அவசர அவசரமாக நன்றியுரை சொல்லி ஆட்களை பஸ்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆட்கள் கோப்பையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வீடு போவார்கள். மூன்றாம் நாள் எல்லாம் மறந்துபோகும். முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். விடை எழுதாத கணக்கைக் கணக்கென்று ஒப்புக்கொள்ள எனக்கு ஏலாது. ஓய்வு பெற்றபின் ஒரு நிறுவனம் என்னை வளவாளராகக் கூப்பிட்டபோது, நான் கேட்டு வாங்கியது அந்த நாற்பத்தைந்து நிமிடத்தை மட்டும்தான்.

அந்த நேரத்துக்கென்று ஒரு ஸ்லைட் செய்து வைத்திருந்தேன். ஐந்து நிரல். நான் செய்யப்போவது, எங்கே, எந்த நாள் எத்தனை மணிக்கு, யாரோடு, முடிந்ததென்று எப்படி அறிவோம். ஆளுக்கு ஒரு வரி. இரண்டு வரி கேட்டால் தரமாட்டேன். இரண்டு வேலை ஏற்றவர் ஒன்றையும் செய்யமாட்டார். "முயற்சி செய்வேன்", "கவனம் எடுப்பேன்", "விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்" என்று யாராவது சொன்னால் தட்டச்சு செய்யாமல் கையை எடுத்துவிடுவேன். போவேன், கேட்பேன், எழுதுவேன், கூட்டிவருவேன். கண்ணால் பார்க்கக்கூடிய வினைச்சொல் வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன், திரையில் எழுத்து விழும். முடிந்ததும் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் வரியை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கவேண்டும். சபையில் சொன்னதை மனிதர் இலேசில் கைவிடமாட்டார் என்பது என் எண்ணம். இன்றும் அது பிழையான எண்ணம் என்று சொல்லமாட்டேன்.

நான் சொல்லப்போகும் செயலமர்வு திருகோணமலை நகரத்தில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு மண்டபத்தில் நடந்தது. இரண்டு நாள், திங்களும் செவ்வாயும். பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவருவது எப்படி என்பது விடயம். வந்தவர்கள் பதினேழு பேர். பதினொரு பெண்கள், ஆறு ஆண்கள். பெரும்பாலும் முன்பள்ளி ஆசிரியைகள், இரண்டு பேர் கிண்ணியாவிலிருந்து.

சண்டை மறுபடியும் மூண்ட காலம் அது. ஆளைச் சுட்டுவிட்டுப் போகும் நம்பர் தகடில்லாத மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எல்லாரும் அறிந்திருந்தோம், ஒருவரும் கதைப்பதில்லை. கப்பல்களைத் தகர்க்க வரும் நீச்சல்காரர் துறைமுகத்துக்குள் புகாதபடி கடற்படை தண்ணீருக்கடியில் சின்னக் குண்டுகள் போட்டுக்கொண்டிருக்கும். காதுக்கு முன்னம் அது பாதத்துக்குத்தான் கேட்கும். மண்டபத்தின் யன்னல் கண்ணாடிகள் ஒருமுறை நடுங்கி ஓயும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மட்டும் பதினான்கு தரம் எண்ணினேன். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் இடையில் பதினொரு நிமிடம் இருந்தது. ஒழுங்கான இடைவெளி இல்லாததால்தான் என்னால் அதைப் பழகிக்கொள்ள முடியவில்லை.

மூன்றே காலுக்கு யன்னல் சீலைகளை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தோம். இல்லாவிட்டால் திரை தெரியாது. பதினேழு வரியையும் ஒரே ஸ்லைட்டில் போட்டால் எழுத்து எறும்பாகிவிடும். அதனால் ஆறு, ஆறு, ஐந்து என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன்.

முதல் ஆளே தகராறு. கப்பல்துறையிலிருந்து வந்த ஆசிரியை. முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு நாளும் நன்றாகக் கதைத்தவர்.

"மூண்டு வீட்டுக்குப் போய்த் தாய் தேப்பனோட கதைப்பன் சேர்."

"எப்ப?"

"இந்தக் கிழமைக்குள்ள."

"கிழமைக்கு ஏழு நாள் ரீச்சர். அதில எது?"

"நாளும் நேரமும் போடாமல் விடேலாதா சேர்? நான் செய்வன்தானே."

"நேரம் போடாதது ஆசை. நேரம் போட்டால்தான் திட்டம்" என்றேன். அந்த வசனத்தை நான் எல்லா இடத்திலும் சொல்வதுண்டு. சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

கிண்ணியா ஆசிரியை ஒருவர் பின்னாலிருந்து, "குடுங்க ரீச்சர், சேர் விடமாட்டார். அவருக்குச் செக்கனும் வேணுமாம்" என்றார். அதற்குத்தான் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது.

கப்பல்துறை ஆசிரியை மற்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, "வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி. முன்பள்ளியடியில இருந்து வெளிக்கிடுவன். தனியத்தான்" என்றார். தட்டினேன். அதன்பிறகு மற்றவர்களிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. நாளும் மணியும் தண்ணீர் மாதிரி வந்தன. சனிக்கிழமை பத்தரை, சீனன்குடாச் சந்தி. ஞாயிறு மூன்று, கோயிலடி. திங்கள் எட்டரை, தோணியடி. இவ்வளவு திருத்தமாக ஒரு குழு நேரம் சொன்னதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

வாசிப்பு தொடங்கியது. ஒவ்வொருவராக எழுந்து இருட்டில் நின்று வாசித்தார்கள். ஐந்தாவது ஆள் வாசிக்கும்போதுதான் கடைசி வரிசையில் கதவோரக் கதிரையில் இருந்தவரைக் கவனித்தேன். நன்றாக மடிப்புப்போட்ட வெள்ளைச் சேட்டு, தண்ணீர் தொட்டு வாரிய தலை, முப்பது வயது மதிக்கலாம். மடியில் நாற்பது பக்கக் கொப்பி. திரையைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார். மூன்றாவது ஸ்லைட்டுக்கு நான் மாற்றப்போனபோது கையை உயர்த்தி, "சேர், ஒரு நிமிசம்" என்றார். பொறுத்தேன். எழுதி முடித்துத் தலையசைத்தார். மாற்றினேன். பதினேழு பேரில் ஒருவராவது மற்றவர்களுடைய திட்டத்தையும் எழுதி எடுக்கிறாரே என்று சந்தோசப்பட்டேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலு ஐந்துக்கு எல்லாரும் போய்விட்டார்கள். மண்டபத்துக் காவல்காரர் கதிரைகளை அடுக்கிக்கொண்டு வந்தார்.

"சேர், சாப்பாட்டுப் பார்சல் ஒண்டு மிஞ்சிக் கிடக்கு. நாய்க்குப் போடட்டோ?"

"ஒண்டோ? இரண்டெல்லோ இருக்கவேணும்."

"ஒண்டுதான்."

இருபது பார்சல் எடுத்திருந்தோம். அவர்கள் பதினேழு. நான் ஒன்று. காவல்காரரும் ஒன்று எடுத்திருந்தால் பத்தொன்பது. ஒன்று மிஞ்சுவது சரிதான் என்று நினைத்து, "நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"நான் வீட்டை போய்ச் சாப்பிட்டனான் சேர்."

கையொப்பத் தாளை எடுத்தேன். பதினேழு கையொப்பம். திரும்ப எண்ணினேன். பதினேழு.

"அந்தக் கதவடியில இருந்த தம்பி..." என்றேன்.

"உங்கட ஒபிஸ் ஆள்தானே? ரெண்டு நாளும் உங்களுக்கு முன்னமே வந்து நிண்டவர். நான்தான் கதவு திறந்துவிட்டனான்."

"எங்கட ஆள் இல்லை. வந்தவையில ஒராள் எண்டெல்லோ நான் நினைச்சன்."

அவர் கையிலிருந்த கதிரையை மெதுவாகக் கீழே வைத்தார். யன்னல் கண்ணாடிகள் ஒருதரம் நடுங்கின. மிஞ்சிய பார்சலை அவர் தொடவில்லை.

யார் எங்கே எத்தனை மணிக்குத் தனியாக நிற்பார் என்று பதினேழு பேரைப் பற்றி நான் கேட்டுக் கேட்டு வாங்கி, பெரிய எழுத்தில் சுவரில் காட்டியிருந்தேன். ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னபோது பொறுத்தும் இருந்தேன்.

கையொப்பத் தாளில் ஒன்பது பேர்தான் தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தார்கள். அன்று பின்னேரமே ஒன்பதுக்கும் எடுத்தேன். ஏழு அடிக்கவேயில்லை. இரண்டு பேர் எடுத்தார்கள். "எழுதின நேரத்துக்குப் போகவேண்டாம்" என்று நான் சொல்ல, இரண்டு பேரும் ஒரே மாதிரி, "சரி சேர்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கப்பல்துறை ஆசிரியை இலக்கம் எழுதவில்லை. எல்லாருக்கும் முந்தி வரும் நாள் அவருடைய வரியில்தான் இருந்தது.

புதன்கிழமை விடிந்தபிறகு ரோட்டை மூடிவிட்டார்கள், இராணுவச் சுற்றிவளைப்பு. வியாழக்கிழமை ஒன்றரைக்குத்தான் கண்டி வீதியில் பஸ் விட்டார்கள். பதினேழு வரியும் மனப்பாடம் என்பதால் தாளை வீட்டில் விட்டுவிட்டு ஏறினேன். நாலு இடத்தில் இறங்கி நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏறினோம். நாலாவது சாவடியில் என் அட்டையைப் பிடித்திருந்த பையன் அதைத் திருப்பித் தராமல் நெடுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கப்பல்துறையில் இறங்கும்போது மூன்று இருபது.

அவருடைய வீடு எனக்குத் தெரியாது. ரோட்டோரக் கடையில் கேட்டேன்.

"முன்பள்ளி ரீச்சற்ற வீடு எது அண்ணை?"

கடைக்காரர் பாக்கு நறுக்கிக்கொண்டு, "அப்பிடி ஒரு ரீச்சரும் இங்க இல்லை" என்றார்.

"முன்பள்ளி இருக்குதெல்லோ?"

"அது இருக்கு."

"அப்ப ரீச்சர்?"

"இல்லை எண்டு சொன்னனான்" என்றவர் பாக்குவெட்டியை நிறுத்திவிட்டு என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவில்லை. முன்பள்ளியடிக்கே போய் நின்று, அவர் வந்தால் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தேன்.

தகரக் கூரை போட்ட அரைச்சுவர்க் கட்டிடம். வழியில் ஒரு சனம் இல்லை. கோழிகூட இல்லை. கட்டிடத்தின் நிழலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. படியில் அந்தக் கொப்பிக்காரர் உட்கார்ந்திருந்தார். அதே மாதிரி மடிப்புப்போட்ட சேட்டு. என்னைக் கண்டதும் மாணவன் மாதிரி எழும்பி நின்றார்.

"வாங்கோ சேர். நீங்களும் வந்திட்டீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"இருங்கோ. வெய்யில்." தன் கைக்குட்டையால் படியைத் தட்டி எனக்கு இடம் விட்டார். உட்காராவிட்டால் என்ன நடக்கும் என்று தெரியாததால் உட்கார்ந்தேன்.

"நல்லாப் படிப்பிச்சீங்கள் சேர். நான் எத்தினையோ கூட்டத்துக்குப் போனனான். கதைப்பினம், போவினம். உங்கட மாதிரி ஒருத்தரும் கடைசியில இப்பிடி எழுதி எடுக்கிறேல்லை."

அரைச்சுவருக்கு மேலால் உள்ளே பார்த்தேன். சின்னப் பிளாஸ்டிக் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. இருபத்திரண்டு. அதில் ஒன்று மட்டும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திரும்ப எண்ணினேன்.

"நாலு மணிதானே சேர் எழுதினது?"

"ஓம்."

"இன்னும் ஆறு நிமிசம்."

ஆறு நிமிடமும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே படியில், ஒரே ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் அந்த முடக்கால் திரும்பினால் நான் கத்தவேண்டும். கத்தினால் குரல் வருமா என்று உள்ளுக்குள் சோதித்துப் பார்த்துக்கொண்டேன். நாலு மணியாயிற்று. நாலு பத்து. நாலு இருபது. ஒருவரும் வரவில்லை. தூரத்தில் ஒரு விமானம் சீனன்குடாப் பக்கம் தாழ்ந்து போனது.

நாலு இருபத்தைந்துக்கு அவர் கொப்பியைத் திறந்தார். என் ஸ்லைட்டின் ஐந்து நிரலும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி அதில் இருந்தன. என் கரும்பலகையைக்கூட எந்த மாணவனும் அவ்வளவு வடிவாகப் பார்த்து எழுதியதில்லை. முதல் வரிக்கு நேரே பிழைக்குப் போடுகிற புள்ளடி ஒன்றைச் சின்னதாகப் போட்டார். பிறகு கடைசி வரிக்குக் கீழே, பதினெட்டாவதாக ஏதோ எழுதினார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"உங்கட ஆக்கள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டினம் சேர்" என்றார், எனக்காகக் கவலைப்படுகிறவர் மாதிரி. "நீங்கள் ஒராள்தான் வந்தனீங்கள்."

மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ரோட்டுவரை நடந்துபோய், அங்கேதான் இயந்திரத்தை இயக்கினார். அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

தொடர் கூட்டம் சரியாக ஒரு மாதத்தின் பின், அதே மண்டபத்தில். மற்றவர்களையும் தேடிப்போனால் நானே அவருக்கு வழி காட்டியதாகிவிடும் என்று எங்கும் போகவில்லை. அந்த ஒரு மாதம் நான் பத்திரிகையில் செத்தவர்களின் பெயர்களைத்தான் வாசித்தேன். ஒவ்வொரு வரியின் நாளும் மணியும் வரும்போது வீட்டில் எந்த வேலையிலிருந்தாலும் நின்றுவிடுவேன். சனி பத்தரை. ஞாயிறு மூன்று. என் மனைவி, "என்னப்பா மணிக்கூட்டுக்குச் சாமி வந்த மாதிரிப் பாக்கிறியள்?" என்பார். அவருக்கும் சொல்லவில்லை.

கூட்டத்தன்று ஏழு மணிக்கே போய்க் கதவை நானே திறந்து, நானே வாசலில் நின்றேன். ஒன்று, இரண்டு என்று வந்தார்கள். பதினான்கு வந்து நெடுநேரம் நின்றது. ஒன்பது பத்துக்குக் கிண்ணியா ஆட்கள் இரண்டு பேரும், அவர்களுக்குப் பின்னால் கப்பல்துறை ஆசிரியையும் வந்தார்கள். பதினேழு. நான் கதிரையில் இருந்துவிட்டேன். கிண்ணியா ஆசிரியை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

கதவைச் சாத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். ஒருவர் முகமும் மாறவில்லை. கப்பல்துறை ஆசிரியைதான் பேசினார். குரலில் கோபம் இருந்தது.

"நீங்கள் வந்து கடையில என்னை விசாரிச்சதெண்டு கேள்விப்பட்டனான் சேர். கடைக்காரர் பயந்துபோய் அண்டைக்கே எனக்குச் சொல்லி அனுப்பினவர். நான் ரெண்டு நாள் வீட்டில படுக்கேல்லை. ஆர் எண்டு தெரியாத ஆள் வந்து கேட்டால் நான் என்னத்தை நினைக்கிறது?"

"உங்களை நிப்பாட்டத்தான் வந்தனான் ரீச்சர். வியாழக்கிழமை நாலு மணிக்கு..."

"வியாழக்கிழமை எண்டு சொன்னால் வியாழக்கிழமை போவமோ சேர்? ரோட்டு மூட முதலே, புதன் விடியக் காலமை மூண்டு வீடும் முடிச்சிட்டன். ரெண்டு பிள்ளையள் வருகுதுகள்."

நான் மற்றவர்களைப் பார்த்தேன்.

"நான் ஞாயிறு எண்டு சொன்னது, போனது வெள்ளி" என்றார் ஒருவர்.

"நான் தோணியடிக்குப் போகவேயில்ல சேர். பிள்ளைட உம்மாவ நம்மட ஊட்டுக்குக் கூப்பிட்டுட்டன்" என்றார் கிண்ணியா ஆசிரியை. "நீங்களும் சும்மா ஒப்புக்குத்தான் கேக்கிறீங்க எண்டு நினைச்சம். இந்தக் காலத்தில ஆர் சேர் உண்மையான நேரம் சொல்ற?"

பதினேழு பேர். பதினேழு பேரும் செய்துமுடித்திருந்தார்கள். ஒருவர்கூட எழுதிய நாளில் இல்லை, எழுதிய இடத்திலும் இல்லை. ஒருவரோடொருவர் பேசிவைத்ததும் இல்லை. அந்த ஊரில் அந்த ஸ்லைட்டை நம்பியவர்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரும் ஒரு படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து காத்திருந்திருக்கிறோம்.

"சரி" என்றேன். "இண்டைக்கு அந்த ஸ்லைட் வேண்டாம். வாயால கதைச்சுப் போட்டுப் போவம்."

"ஐயோ, வேண்டாம் சேர்" என்று எழும்பினார் கப்பல்துறை ஆசிரியை. "அதைப் போடுங்கோ. எல்லாக் கூட்டத்திலயும் எழுதுறவை, இண்டைக்கு மட்டும் கதவைச் சாத்திப்போட்டு ஒண்டும் எழுதாமல் போகினம் எண்டால் பாத்துக்கொண்டிருக்கிறவை என்ன நினைப்பினம்? அவையளுக்கு ஒரு பட்டியல் கிடைக்கவேணும். கிடைக்காட்டித்தான் தேடிக்கொண்டு வருவினம்."

ஒருவர் எழும்பிப்போய் நான் சாத்திய கதவைத் திறந்துவிட்டு வந்தார்.

மூன்றே காலுக்குச் சீலைகளை இழுத்தோம். உண்மையான வேலையை அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாளையும் மணியையும் இம்முறை நான்தான் கொடுத்தேன். ஒரே நேரம் இரண்டு பேருக்கு விழாமல், வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை நேரம் கிண்ணியா ஆட்களுக்கு வராமல், எந்தப் பார்வைக்கும் நம்பும்படியாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். ஒன்பதாவது வரியில்தான் எனக்கு அந்தப் பயம் வந்தது. மறந்துபோய், கடைக்கோ கிணற்றடிக்கோ போகிற வழியில், இவர்களில் ஒருவர் தற்செயலாக அந்த இடத்தில் அந்த மணிக்கு நின்றுவிட்டால்?

தட்டுவதை நிறுத்திவிட்டு அதைச் சொன்னேன்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து வரியை வாசித்தார்கள். வாசித்து முடித்ததும், திரையைப் பார்க்காமல் இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். பிழைவிட்டவர்களைத் திரும்பச் சொல்லவைத்தேன். மூன்று பேர் பிழைவிட்டார்கள். ஒருவர் நாலு தரம் சொன்னார். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், தான் எங்கே இருக்கக்கூடாது என்று பதினேழு பேருக்கும் பாடமாகும்வரை நான் விளக்கைப் போடவில்லை. அன்று கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.